பாஸ்புக்கில் 17.70 வந்தால் 1.18ஆல் வகுங்கள்

கோத்தகிரியில் பச்சைத் தேயிலைப் பணம் வரவாகும் அத்தையின் பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்கொரு முறை 17.70 ரூபாய் பற்று. வங்கியின் கட்டணப் பட்டியலில் அந்தத் தொகையே இல்லை. காரணம், பட்டியலில் ஜிஎஸ்டி சேராது. 18 சதவீதம் தனி. 1.18ஆல் வகுத்தால் 15. அது எஸ்எம்எஸ் கட்டணம்!

2013லேயே ரிசர்வ் வங்கி, எஸ்எம்எஸ் கட்டணம் உண்மையான பயன்பாட்டைப் பொறுத்தே இருக்கவேண்டும் என்றது. செய்தியே வராத காலாண்டுக்கும் பிடித்திருந்தால் கிளையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

அதே வழியில் 236 என்றால் 200. பெரும்பாலும் கார்டு ஆண்டுக் கட்டணம். புதுப்பிப்பு, மாற்றுக் கார்டு இரண்டும் பட்டியலில் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பாருங்கள். செக் புத்தகத்துக்கு, ஆண்டுக்கு எத்தனை தாள் இலவசம் என்ற அடிக்குறிப்பைத்தான் முதலில் படிக்கவேண்டும்.