மொழிபெயர்ப்புக்கு விலைப்புள்ளி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் இளையவர்கள், மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில், நான் தொடக்கத்தில் எழுதிய அதே வரியைத்தான் எழுதுகிறார்கள்: "தமிழில் 40 பக்கங்கள் உள்ளன, ஆங்கிலத்தில் பெயர்க்க எவ்வளவு ஆகும்?"

பக்கக் கணக்கில் கேட்பது

ஒரு நிலத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, கிரயப் பத்திரங்களையும் சாட்சிகளின் வாக்குமூலங்களையும் ஆங்கிலத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. பக்கத்துக்கு 300 ரூபாய் என்று பதில் வந்ததும், 12,000 ரூபாய் என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டேன். வந்த பில்லோ 16,200 ரூபாய். அந்த நிறுவனம் 250 ஆங்கிலச் சொற்களை ஒரு பக்கமாகக் கொண்டிருந்தது; எங்கள் 40 பக்கங்களில் இருந்த ஏறத்தாழ 9,000 தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தில் 13,500 ஆகி, 54 பக்கங்களாகிவிட்டன. பக்கம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வித்தியாசத்தைக் கட்சிக்காரரிடம் கேட்க நேர்ந்த சங்கடம் இன்றும் உறுத்துகிறது.

தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், "வீட்டிலிருந்து" என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று சொற்களாகப் பிரிகிறது. ஆகவே மூலச் சொல்லுக்கு விலையா, மொழிபெயர்ப்புச் சொல்லுக்கு விலையா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பின்னதானால், எந்தத் தொகையைத் தாண்டாது என்ற உச்சவரம்பையும் கேட்க வேண்டும். ஸ்கேன் செய்த படிகளைக் கணினி நேரடியாக எண்ணித் தராது என்பதால், நெருக்கமான பக்கம், நடுத்தரப் பக்கம், வெற்றிடம் மிகுந்த பக்கம் என மூன்றை எடுத்து, சில வரிகளின் சொற்களை எண்ணி வரிக்கு எத்தனை என்ற சராசரி கண்டு, பக்கத்திலுள்ள வரிகளின் எண்ணிக்கையாலும், பிறகு மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால், பேரம் பேசப் போதுமான மதிப்பீடு கிடைத்துவிடும். முத்திரை, பதிவாளர் குறிப்பு, ஓரக் குறிப்பு ஆகியவையும் பெயர்க்கப்பட வேண்டுமா என்பதைக் கோரிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவையும் எண்ணிக்கையில் சேரும்.

"அவசரம்" என்று மட்டும் எழுதுவது

தாக்கல் செய்யும் நாளைக் கெடுவாகக் கொடுக்கக் கூடாது. வழக்கறிஞர் படித்துத் திருத்தவும், திருத்தம் திரும்பி வரவும் இடம் விட்டு, அந்த நாளுக்குக் குறைந்தது மூன்று நாட்கள் முன்னதான தேதியையும் நேரத்தையும் எழுத வேண்டும். ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 2,000 சொற்கள் செய்வார் என்று வைத்தால், 9,000 சொற்களுக்குச் சரிபார்ப்பு நீங்கலாகவே ஐந்து நாட்கள் ஆகும். இரண்டு நாளில் கேட்டால் பணி பலருக்குப் பிரிக்கப்படும். அப்போது "மேற்படி சொத்து" ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு தொடராக மாறிவிடும்.

பெயர்கள்

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பட்டியலாகக் கோரிக்கையுடனேயே அனுப்பவும்.

கையால் எழுதிய பத்திரங்கள்

தனியாக எண்ணி, மாதிரிப் பக்கம் ஒன்றை இணைக்கவும்.