கிழமை வரிசை: ஞாயிறுக்கு அடுத்து ஏன் திங்கள்?

ஞாயிறு சூரியன், திங்கள் நிலவு, மற்ற ஐந்தும் கோள்கள் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஞாயிறுக்கு அடுத்து ஏன் திங்கள், அதற்கடுத்து ஏன் செவ்வாய் என்று கேட்டால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதில் அடிக்கடி காதில் விழுவது, "சூரியனிலிருந்து எவ்வளவு தூரமோ அந்த வரிசை" என்பது. அப்படியானால் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதன் திங்கட்கிழமையையே பிடித்திருக்க வேண்டுமே! பிரகாசத்தை வைத்துப் பார்த்தாலும் சரிவராது, ஏனென்றால் சூரியன், நிலவு இரண்டுக்கும் அடுத்தபடி கண்ணைப் பறிப்பது வெள்ளி, அதுவோ ஆறாவது நாளில் உட்கார்ந்திருக்கிறது.

விடை கிழமை என்ற சொல்லிலேயே இருக்கிறது. கிழமை என்றால் உரிமை. ஒரு நாளின் முதல் ஓரை எந்தக் கோளுக்கு உரியதோ அந்த நாளும் அதற்கே உரியது, அவ்வளவுதான் விதி. ஒரு நாளுக்கு 24 ஓரைகள், அவற்றை ஏழு பேரும் மாறி மாறி எடுத்துக்கொள்கிறார்கள். எந்த முறையில் என்றால், பூமியிலிருந்து பார்க்கும்போது வானத்தை மெதுவாகச் சுற்றுபவரிலிருந்து வேகமாகச் சுற்றுபவர் வரை: சனி (ஒரு சுற்றுக்குச் சுமார் 29½ ஆண்டு), வியாழன் (ஏறக்குறைய 12 ஆண்டு), செவ்வாய் (இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு), சூரியன் (ஓர் ஆண்டு), பிறகு வெள்ளி, புதன், கடைசியாக 27 நாள் சொச்சத்தில் சுற்றிவிடும் சந்திரன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையை எடுத்து எண்ணிப் பாருங்கள். முதல் ஓரை சூரியன், அப்புறம் வெள்ளி, புதன், சந்திரன், சனி, வியாழன், செவ்வாய். எட்டாவது ஓரை மறுபடி சூரியனுக்கு வரும், 15-ம், 22-ம் அப்படியே. 23 வெள்ளி, 24 புதன், அதோடு நாள் முடிந்தது. 25-வது ஓரை, அதாவது மறுநாளின் முதல் ஓரை, சந்திரனுக்கு. ஆக, மறுநாள் திங்கள். அங்கிருந்து இதே போல எண்ணினால் செவ்வாய் வந்து நிற்பார்.

இங்கேதான் இரண்டு இடத்தில் கை தவறும். ஒன்று, பட்டியலைத் தலைகீழாக, சந்திரனில் தொடங்கிச் சனியில் முடியும்படி எழுதிக்கொண்டு எண்ணுவது. அப்படிச் செய்தால் ஞாயிறுக்கு அடுத்து சனி வந்துவிடும், வாரம் பின்னோக்கி ஓடும், அதை வைத்தே தவறைக் கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று, நான்காவதை எண்ணுவதில் வரும் குழப்பம். கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டியம் இந்தக் கணக்கைச் சுருக்கி, வரிசையில் ஒவ்வொரு நான்காவது கோளும் அடுத்த நாளுக்கு அதிபதி என்கிறது. தொடங்கும் கோளையும் சேர்த்து எண்ணினால்தான் அது நான்கு: சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். சூரியனை விட்டுவிட்டு நான்கு எண்ணினால் சனியில் போய் முட்டிக்கொள்வீர்கள்.

அடுத்த தவறு, இந்த 24 ஓரைகளை நள்ளிரவிலிருந்து எண்ணுவது. ஆரியபட்டர் கணக்கிலும் சரி, இன்றைய பஞ்சாங்கத்திலும் சரி, கிழமை பிறப்பது சூரிய உதயத்தில். செவ்வாய்க்கிழமை விடியற்காலை 3 மணி என்று கைபேசி காட்டும் நேரம் பஞ்சாங்கத்துக்கு இன்னும் திங்கட்கிழமைதான். பிறந்த கிழமை பார்க்கும்போது வீட்டில் ஒருவர் ஒன்று சொல்ல ஜாதகம் வேறொன்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான், யாரும் பொய் சொல்லவில்லை.

ராகு கேதுவுக்கு ஏன் கிழமை இல்லை என்றும் சிலர் கேட்பார்கள். நவக்கிரகம் ஒன்பது, கிழமை ஏழு, மீதி இரண்டு எங்கே போயின? அவை கண்ணுக்குத் தெரியும் கோள்களே அல்ல. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள், அவ்வளவே. தினமும் ராகு காலம் வருகிறதே என்றால், அது பகலை எட்டாகப் பிரிக்கும் வேறு கணக்கு, ஓரையோடு அதைச் சேர்க்கக் கூடாது. யுரேனஸ், நெப்டியூன் விஷயம் இன்னும் எளிது: முதலாவதைக் கண்டுபிடித்ததே 1781-ல், மற்றது 1846-ல். அதற்குள் வாரம் பழையதாகிவிட்டது. மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள கி.பி. 484-ம் ஆண்டுக் கல்வெட்டிலேயே வியாழக்கிழமை, தேவர்களின் குருவுடைய நாள் என்று பதிவாகியிருக்கிறது.

பழம்பாடல் படிப்பவர்களுக்கு ஒன்று. சங்கப் பாட்டில் ஞாயிறு, திங்கள், வெள்ளி என்று வந்தால் உடனே கிழமை என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே பேச்சு சூரியனையும் நிலவையும் கோளையும் பற்றியது. திங்கள் மாதத்தையும் குறிக்கும். வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்பது அந்தக் கால நம்பிக்கை, புறநானூற்றில் அது வருகிறது. அப்புறம், புதன்கிழமைக்கும் புத்தருக்கும் சம்பந்தமில்லை, வடமொழியில் கோள் புத, அவர் புத்த, ஒரு ஒற்று கூட.