வரைபடத் தேடலில் உங்கள் கடை: சேலம் கொலுசுக் கடை ஒன்றை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

புதிதாக இணையதளம் தொடங்கிய கடைக்காரர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "தளம் வந்துவிட்டது, ஆனால் கூகுள் மேப்பில் தேடினால் பக்கத்துக் கடைதான் வருகிறது. ஏன்?" தளம் வேறு, மேப்பில் தெரியும் கடைக்குறிப்பு வேறு. அந்தக் குறிப்பை நிர்வகிக்கும் இலவச வசதிக்கு கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். தளமும் புரொஃபைலும் ஒரே கடையைப் பற்றி ஒரே தகவலைச் சொன்னால் ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும். ஆளுக்கொன்று சொன்னால் கூகுளும் குழம்பும், வாடிக்கையாளரும் குழம்புவார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சிறிய வெள்ளிக் கொலுசுக் கடையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. சில்லறை விற்பனை உண்டு, பழைய வெள்ளிக்குப் புதுக் கொலுசு மாற்றிக் கொடுப்பதும் உண்டு.

படி 1: ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

புதிதாகச் சேர்ப்பதற்கு முன் மேப்பில் கடையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். தொலைபேசி எண்ணைப் போட்டும் தேடுங்கள். யாரோ ஒரு வாடிக்கையாளர் எப்போதோ சேர்த்துவிட்டுப் போன குறிப்பு இருக்கலாம். அப்படி இருந்தால் அதைத் திறந்து `Claim this business` என்பதை அழுத்தி உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு இன்னொன்று தொடங்கினால் ஒரே கடைக்கு இரண்டு குறிப்புகள் ஆகிவிடும். விமர்சனங்களும் இரண்டாகப் பிரியும்.

எதுவும் இல்லையென்றால் business.google.com தளத்தில் புதிதாகத் தொடங்கலாம். கூகுள் பெரும்பாலும் வீடியோ வழியாகச் சரிபார்க்கச் சொல்லும். தெருவையும் அக்கம்பக்கத்துக் கடைகளையும் காட்டி, பெயர்ப்பலகையைக் காட்டி, சாவியால் ஷட்டரைத் திறந்து உள்ளே போய், பில் போடும் மேசை வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பலகை இன்னும் மாட்டவில்லை என்றால், மாட்டிய பிறகு தொடங்குவது நல்லது.

வாடிக்கையாளர் யாரும் வந்து போகாத, வீட்டோடு இருக்கும் பட்டறை என்றால் வழி வேறு. அங்கே முகவரியை மறைத்துவிட்டு, எந்தப் பகுதிகளுக்குச் சென்று சேவை தருகிறீர்கள் என்பதை மட்டும் குறிப்பிட வேண்டும்.

படி 2: பெயர், முகவரி, தொலைபேசி

இந்த இடத்தில்தான் நம் ஊர்க் கடைகள் அதிகம் தடுமாறுகின்றன. பெயர்ப்பலகையில் "செவ்வாய்ப்பேட்டை", ஜி.எஸ்.டி. சான்றிதழில் `Shevapet`, விசிட்டிங் கார்டில் `Sevvaipettai`. கதவு எண்ணிலும் பழையது ஒன்று, புதியது ஒன்று. பில் புத்தகத்தில் லேண்ட்லைன், தளத்தில் மகனுடைய செல்பேசி எண்.

ஒரு தாளை எடுத்து, இனி எங்கும் பயன்படுத்தப்போகும் வடிவத்தை ஒருமுறை எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துமுறை, தமிழில் ஓர் எழுத்துமுறை, ஒரே கதவு எண், ஒரே தொலைபேசி எண். ஆங்கில எழுத்துமுறைக்கு ஜி.எஸ்.டி. சான்றிதழில் இருப்பதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். கூகுள் பின்னால் எப்போதாவது ஆவணம் கேட்டால் இரண்டும் பொருந்தும். `Shevapet` என்பதற்கும் `Sevvaipettai` என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கூகுள் ஓரளவு புரிந்துகொள்ளும். வேறு வேறு தொலைபேசி எண்களையும் கதவு எண்களையும் அப்படிப் புரிந்துகொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

கடைப்பெயர் பலகையில் இருப்பதுபோலவே இருக்கட்டும். "சேலம் சிறந்த வெள்ளிக் கொலுசு மலிவு விலை" என்று பெயரோடு ஒட்டச்சொல்லி ஆலோசனை தருபவர்கள் இருக்கிறார்கள். அது கூகுள் விதிமீறல், புரொஃபைலே முடக்கப்படலாம். முடங்கியதை மீட்பதற்குள் கல்யாண சீசன் போய்விடும்.

படி 3: குறியைக் கடை வாசலில் வையுங்கள்

முகவரியைத் தட்டியதும் மேப் தானாக ஒரு குறி வைக்கும். நெருக்கமான தெருக்களில் அது பெரும்பாலும் தெருவின் நடுவிலோ அடுத்த சந்திலோ போய் விழும். புரொஃபைலைத் திருத்தும் பக்கத்தில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி, உங்கள் கூரையை அடையாளம் கண்டு, தெருவைப் பார்த்த வாசல் பக்கம் குறியை நகர்த்துங்கள்.

பிறகு சோதனை. கடைக்கு வழி தெரியாத ஒருவரைப் புதிய பஸ் நிலையத்திலிருந்து மேப்பை மட்டும் பார்த்து வரச் சொல்லுங்கள். லீ பஜார் பக்கம் சுற்றிவிட்டு "அண்ணா, எங்கே இருக்கிறீர்கள்?" என்று அவர் போன் செய்தால் குறி இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

படி 4: வகையைத் தேர்ந்தெடுங்கள்

முதன்மை வகை ஒன்று, அதோடு துணை வகைகள் ஒன்பது வரை கொடுக்கலாம். எந்தத் தேடலுக்கு நீங்கள் பொருத்தமானவர் என்பதைக் கூகுள் முடிவு செய்வதில் முதன்மை வகைக்குப் பெரும்பங்கு உண்டு. நம் கடைக்கு நகைக்கடை என்பதே முதன்மை. வெள்ளிவேலைக்கான `Silversmith` துணை. தங்கம் விற்காதபோது தங்கம் தொடர்பான வகையைச் சேர்க்காதீர்கள். ஒன்பது இடம் இருக்கிறதே என்று நிரப்பவும் வேண்டாம்.

படி 5: தளத்தில் எதை எழுத வேண்டும்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வரைபட முடிவுகளில் சில கடைகளின் பெயருக்குக் கீழே `Their website mentions` என்று தொடங்கும் ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள். தேடிய சொல் அந்தக் கடையின் இணையதளத்தில் இருப்பதைக் கூகுள் கண்டுபிடித்துக் காட்டும் வரி அது. அதாவது, தளத்தில் நீங்கள் எழுதும் வாக்கியம் மேப்பிலேயே வந்து நிற்க முடியும்.

ஆனால் புதிய தளங்கள் பலவற்றில் வாக்கியமே இல்லை. நோட்டீஸை அப்படியே படமாக ஏற்றி, அதற்குள்தான் முகவரி, தொலைபேசி, "அனைத்து வகைக் கொலுசுகளும் கிடைக்கும்" எல்லாம் இருக்கின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்காதீர்கள். உங்கள் தளத்தில் அப்படியா என்று அறிய எளிய வழி, பிரவுசரின் `Find in page` வசதியில் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுவது. எண் கிடைத்தால் அது எழுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் கிடைக்காவிட்டால் படம்.

அடுத்தது, "அனைத்து வகைகளும்" என்பதை உடைத்து எழுதுவது. அந்தச் சொல்லை யாரும் தேடுவதில்லை. கடைக்கு வருபவர்கள் வாயால் கேட்பதை அப்படியே எழுதுங்கள். நம் கடைக்கு ஒரு பத்தி இப்படி இருக்கலாம்:

"குழந்தைகளுக்கான சலங்கை வைத்த கொலுசு, மணப்பெண் கொலுசு, அன்றாடம் அணியும் மெல்லிய சங்கிலிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் ஆகியவை எங்கள் பட்டறையிலேயே செய்யப்படுகின்றன. பழைய வெள்ளியை எடைபோட்டுப் புதுக் கொலுசாக மாற்றித் தருகிறோம். கொக்கி, முத்து அறுந்த கொலுசுகளைப் பழுது பார்க்கிறோம். கடை செவ்வாய்ப்பேட்டையில் உள்ளது."

இதில் விளம்பரச் சொல் ஒன்றுகூட இல்லை. தேடக்கூடிய பெயர்ச்சொற்கள் மட்டும் நிறைய இருக்கின்றன. பழைய வெள்ளி மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தனித்தனிப் பக்கம் வைத்து, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைச் சொல்வது இன்னும் நல்லது. இதையே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தமிழ் பேசுபவர்களிலும் பலர் தேடும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள்.

தொடர்புப் பக்கத்தில், மேப்பில் உங்கள் கடையைத் திறந்து `Share` வழியே `Embed a map` எடுத்து ஒட்டுங்கள். வெறும் முகவரியைத் தேடி வரும் குறியை ஒட்டாமல், கடைப்பெயரோடு கூடிய குறியாக இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: கூகுளுக்குப் புரியும் வடிவிலும் ஒருமுறை

தளத்தை அமைத்துத் தந்தவரிடம், முகப்புப் பக்கத்தின் மூலநிரலில் கீழ்க்கண்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள். படி 2-ல் தாளில் எழுதிய விவரங்களே இங்கும் வர வேண்டும்.

```
<script type="application/ld+json">
{
  "@context": "https://schema.org",
  "@type": "JewelryStore",
  "name": "கடையின் பெயர்",
  "url": "https://www.example.com/",
  "telephone": "+91XXXXXXXXXX",
  "address": {
    "@type": "PostalAddress",
    "streetAddress": "கதவு எண், தெரு, Shevapet",
    "addressLocality": "Salem",
    "addressRegion": "Tamil Nadu",
    "postalCode": "636002",
    "addressCountry": "IN"
  }
}
</script>
```

சேர்த்த பிறகு search.google.com/test/rich-results என்ற பக்கத்தில் உங்கள் தள முகவரியைக் கொடுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் மொத்தமும் செல்லாது. இதைச் சேர்ப்பதால் மட்டும் வரிசையில் மேலே ஏறிவிட மாட்டீர்கள். இந்தத் தளமும் அந்தக் குறிப்பும் ஒரே கடையினுடையவை என்பதைத் தெளிவாக்குவதே இதன் வேலை.

படி 7: புரொஃபைலில் தளத்தை இணையுங்கள்

புரொஃபைலில் இணையதளத்துக்கான கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்பு கூகுளே புரொஃபைலோடு இலவசமாக ஒரு பக்கம் கொடுத்தது. அதன் முகவரி `business.site` என்று முடியும். 2024 மார்ச்சில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். பழைய முகவரி விசிட்டிங் கார்டிலோ முகநூல் பக்கத்திலோ இன்னும் இருந்தால் எல்லா இடத்திலும் மாற்றுங்கள்.

விடுமுறை நேரத்தையும் இங்கேயே பதியலாம். ஆடித் திருவிழாவுக்குக் கடையை மூடுவது, அட்சய திருதியை அன்று முன்னதாகத் திறப்பது போன்றவற்றை முந்தைய வாரமே போட்டுவிடுங்கள். ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் பூட்டிய ஷட்டரைப் பார்த்தால், அடுத்து எழுதுவது ஒற்றை நட்சத்திர விமர்சனம்தான்.

விமர்சனம் கேட்பதில் தவறில்லை. புரொஃபைலில் கிடைக்கும் க்யூஆர் குறியை அச்சிட்டு பில் மேசையில் வையுங்கள். ஆனால் ஐந்து நட்சத்திரம் கொடுத்தால் கூலியில் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள். அதைக் கூகுள் தடை செய்திருக்கிறது.

எப்படிச் சரிபார்ப்பது?

கடையில் உட்கார்ந்து உங்கள் போனில் தேடி, முதலில் வருகிறது என்று மகிழ வேண்டாம். உள்ளூர் முடிவுகளுக்குக் கூகுள் சொல்லும் அடிப்படைகள் மூன்று: பொருத்தம், தூரம், பரவலாக அறியப்பட்டிருத்தல். கடைக்குள் நின்று தேடினால் தூரம் ஏறக்குறைய பூஜ்யம். அஸ்தம்பட்டியிலும் ஓமலூரிலும் இருக்கும் உறவினர்களை "கொலுசு கடை" என்றும் "பழைய வெள்ளி மாற்ற" என்றும் தேடச் சொல்லுங்கள். அஸ்தம்பட்டியில் வெறும் "நகைக்கடை" என்று தேடுபவருக்கு அங்கிருக்கும் கடைகளே முதலில் வரும். தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. தேடல் குறிப்பாக இருக்கும்போதுதான் பொருத்தம் தூரத்தை ஓரளவு வெல்லும். அதனால்தான் படி 5-க்கு அவ்வளவு இடம் கொடுத்தேன்.

புரொஃபைலின் `Performance` பகுதியில், மக்கள் எந்தச் சொற்களைத் தேடி உங்கள் குறிப்பைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, தளத்தில் நீங்கள் எழுதாத சொல் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். "கால் சங்கிலி" என்று சிலர் தேடியிருந்து, அது நீங்கள் விற்கும் பொருளாகவும் இருந்தால், அந்தப் பெயரை அதே எழுத்தில் கொலுசுப் பக்கத்தில் சேருங்கள்.