நடந்ததா, நடக்குமா? ஆய்வுமுறையிலும் முடிவுகளிலும் காலம் தவறும் இடங்கள்

தமிழில் எழுதப்படும் அறிவியல் ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஆய்வுமுறை’ பகுதியைப் படித்தால், ஆய்வு முடிந்துவிட்டதா, இனிமேல்தான் தொடங்கப் போகிறார்களா என்ற சந்தேகம் அடிக்கடி வரும். உப்புநீரில் பாசிப்பயறு எப்படி முளைக்கிறது என்று ஒருவர் சோதித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதுகிறார்:

“நல்ல விதைகள் தேர்ந்தெடுக்கப்படும். ஒவ்வொரு தட்டிலும் 25 விதைகள் வைக்கப்பட வேண்டும். முளைத்தவை தினமும் எண்ணப்படுகின்றன. விவரங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன.”

நான்கு வாக்கியம், நான்கு விதமான வினைமுற்று. ஒவ்வொன்றும் ஓரிடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ‘தேர்ந்தெடுக்கப்படும்’ என்பது ஆய்வு தொடங்குமுன் கொடுத்த முன்மொழிவிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியது. ‘வைக்கப்பட வேண்டும்’ செய்முறைக் கையேட்டின் குரல். ‘எண்ணப்படுகின்றன’ யாரோ நேரில் நின்று விளக்குவது போன்றது. கடைசி ‘உள்ளன’, அப்படி முடித்தால்தான் கட்டுரை கட்டுரையாக இருக்கும் என்ற பழக்கத்தில் வந்தது.

நீங்கள் செய்து முடித்த வேலைக்கு இறந்தகாலம் போதும்:

“நல்ல விதைகளைத் தேர்ந்தெடுத்து, தட்டுக்கு 25 வீதம் வைத்தோம். ஒவ்வொரு கரைசலுக்கும் நான்கு தட்டுகள். ஏழு நாட்கள் தினமும் காலையில் எண்ணினோம். முளைவேர் 2 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் முளைத்ததாகக் கொண்டோம்.”

‘வைத்தோம்’ பிடிக்கவில்லை என்றால் ‘வைக்கப்பட்டன’ என்று எழுதுங்கள். அது வேறு விவாதம், காலம் இரண்டிலும் ஒன்றுதான்.

எதிர்காலத்தில் விட்டுவைப்பதால் வரும் பெரிய கேடு, முன்மொழிவில் இருந்த எண்களும் கூடவே தங்கிவிடுவது. பத்து நாள் எண்ணுவதாகத் திட்டமிட்டுவிட்டு, பூஞ்சை பிடித்ததால் ஏழாம் நாளோடு நிறுத்தியிருக்கலாம். ‘பத்து நாட்கள் எண்ணப்படும்’ என்ற வாக்கியம் கண்ணில் உறுத்தாமல் நழுவிப் போகும். ‘பத்து நாட்கள் எண்ணினோம்’ என்று மாற்றக் கை வைக்கும்போதுதான், அப்படி எண்ணவில்லையே என்பது நினைவுக்கு வரும்.

சரி, எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கிவிடலாமா? அதுவும் தவறு. ‘இந்தத் தராசு 0.001 கிராம் வரை துல்லியமாகக் காட்டும்’ என்பது தராசின் இயல்பு, அன்று மட்டும் நடந்த செய்தி இல்லை. ‘பண்ணை ஆற்றின் வடகரையில் அமைந்துள்ளது’ என்பதும் அப்படித்தான். அதை ‘அமைந்திருந்தது’ என்று மாற்றினால், பண்ணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று வாசகர் யோசிப்பார். ஆனால் அறையின் வெப்பநிலை ‘28 முதல் 31 டிகிரி வரை இருந்தது’ என்றுதான் வர வேண்டும். அது அந்த ஏழு நாளுக்கு மட்டும் உரிய அளவு.

வினைமுற்றைத் திருத்தியவர்கள்கூடப் பெயரெச்சத்தில் கோட்டை விடுகிறார்கள். ‘பயன்படுத்தப்படும் வடிதாள் 9 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது’ என்ற வாக்கியத்தில் முற்று சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் ‘பயன்படுத்தப்படும்’ இன்னும் முன்மொழிவிலேயே நிற்கிறது. ‘பயன்படுத்திய வடிதாள்’ என்று இருக்க வேண்டும். ‘ஊற்றும்போது’, ‘எண்ணும்போது’ போன்றவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். ‘எண்ணும்போது தட்டுகளைத் திறந்தோம்’ என்றால் அந்தப் ‘போது’ பின்னால் வரும் முற்றின் காலத்தையே எடுத்துக்கொள்ளும்.

ஆய்வுமுறையில் காலம் தவறினால் குழப்பம்தான் வரும். முடிவுகள் பகுதியில் தவறினால், நீங்கள் சொல்வதன் அளவே மாறிவிடும். மதிப்பீட்டாளர்கள் பிடித்துக்கொள்வதும் இங்கேதான்.

நம் பாசிப்பயறில் வெறும் நீரில் வைத்த நூறு விதைகளில் 96 முளைத்தன, 50 மில்லிமோலார் உப்புக்கரைசலில் 93, 150 மில்லிமோலாரில் 61 என்று வைத்துக்கொள்வோம். இதை ‘உப்பு பாசிப்பயறின் முளைப்பைக் குறைக்கிறது’ என்று எழுதினால், எல்லா ரகத்துக்கும், எல்லா மண்ணுக்கும், எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும் விதியைச் சொன்னதாக ஆகிறது. உங்கள் கையில் இருப்பதோ ஒரு ரகம், ஒரு மூட்டை விதை. ‘150 மில்லிமோலார் கரைசலில் முளைப்பு 61 விழுக்காடாகக் குறைந்தது’ என்று எழுதினால், பார்த்ததை மட்டும் சொன்னதாக நிற்கும். விதியாக விரித்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் அதன் இடம் விவாதப் பகுதி. அங்கே நிகழ்காலம் தாராளமாக வரலாம்.

இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்வது ‘ஆகும்’. ‘சராசரி முளைப்பு 96 விழுக்காடு ஆகும்’ என்றால் அது அந்த விதையின் நிலையான பண்பு போல ஒலிக்கிறது. ‘இருந்தது’ என்று முடியுங்கள். பாடப்புத்தகத்தில் இலக்கணம் வகுக்கும் வாக்கியங்களுக்கு ‘ஆகும்’ பொருந்தும், அளந்து பார்த்த எண்ணுக்குப் பொருந்தாது.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். 96க்கும் 93க்கும் உள்ள வேறுபாடு புள்ளியியல் சோதனையில் p < 0.05 என்ற எல்லைக்குள் வரவில்லை என்றால், பலர் ‘50 மில்லிமோலார் உப்பு முளைப்பைப் பாதிப்பதில்லை’ என்றோ ‘பாதிக்காது’ என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே எப்போதைக்குமான கூற்று. நான்கு தட்டுகளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ‘பாதிக்கவில்லை’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அதுவும் பாதிப்பே இல்லை என்று அடித்துச் சொல்கிறது. ‘வெறும் நீருக்கும் 50 மில்லிமோலாருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை’ என்பதுதான் சோதனை சொன்ன அளவு.

அட்டவணையும் படமும் மட்டும் விதிவிலக்கு. வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது அவை அங்கேயே இருக்கின்றன, எனவே ‘அட்டவணை 2 காட்டுகிறது’ என்பதே இயல்பு. ஒரே வாக்கியத்தில் இரண்டு காலமும் வந்தால் பயப்பட வேண்டாம்: ‘படம் 1 காட்டுகிறபடி, மூன்றாம் நாளுக்குப் பிறகு முளைக்கும் வேகம் தளர்ந்தது.’ படம் இன்றும் காட்டுகிறது, வேகம் அன்று தளர்ந்தது.

அப்புறம் அந்த ‘உள்ளது’. ‘உப்பு கூடக்கூட முளைப்பு குறைவது கண்டறியப்பட்டுள்ளது’ என்று முடிவுகளில் எழுதினால், கண்டறிந்தது நீங்களா, உங்களுக்கு முன்னால் யாரோவா என்று தெரியாது. முந்தைய ஆய்வுகளைச் சொல்ல இந்த வடிவத்தை ஒதுக்கிவிட்டு, உங்கள் சொந்த முடிவுக்கு ‘குறைந்தது’, ‘கண்டோம்’ என்று வைத்துக்கொண்டால் குழப்பம் போய்விடும்.

கணிதத்திலும் கணினி நெறிமுறைகளிலும் கணக்கு வேறு. ‘இந்த நெறிமுறை பட்டியலை இரண்டாகப் பிரிக்கிறது’ என்பது அதன் நிலையான செயல், அங்கே நிகழ்காலமே சரி. அதை ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்து ‘12 நொடி எடுத்தது’ என்று எழுதும் இடத்தில் மறுபடியும் இறந்தகாலத்துக்கு வர வேண்டும்.

கட்டுரையை அனுப்புமுன் கோப்பில் ‘ப்படும்’, ‘ஆகும்’, ‘ள்ளது’, ‘ள்ளன’, ‘தில்லை’ ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, அந்தந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். மொத்தமாக ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள், ‘அமைந்துள்ளது’ என்று சரியாக இருந்த பண்ணையும் சேர்ந்து போய்விடும்.