லாபம் இருந்தும் ஓ.டி. லிமிட் ஏன் தீர்ந்துகொண்டே இருந்தது?

நான் கணக்குப் பார்க்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில் லாபம் வந்தது, கையில் காசு இல்லை. வங்கியின் ஓவர்டிராஃப்ட் கடனான ஓ.டி.யின் லிமிட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது. காசு எங்கே நிற்கிறது என்று பார்க்க இரண்டு வருட பேலன்ஸ் ஷீட்டை எடுத்தேன்.

இரண்டு வருடம் எதற்கு? மார்ச் கடைசியில் சரக்கு நிறைய அனுப்பினால் அன்றைய பாக்கி மட்டும் வீங்கித் தெரியும். அதனால் போன மார்ச், இந்த மார்ச் இரண்டின் சராசரியை எடுப்பதுதான் சரி.

விற்பனை 730 லட்சம், அதாவது நாளுக்கு 2 லட்சம். வரவேண்டிய பாக்கி 110, 170. சராசரி 140 லட்சம். ஆக விற்ற பணம் வர 70 நாள். சரக்கிருப்பைச் சராசரி 90 லட்சமாக வைத்து, விற்ற சரக்கின் அடக்கவிலையான 547.5 லட்சத்தோடு ஒப்பிட்டால் 60 நாள். நூல் மில்களுக்குத் தரவேண்டியது சராசரி 45 லட்சம். இதைக் கொள்முதலோடுதான் ஒப்பிட வேண்டும். அது 365 லட்சம், எனவே 45 நாள். அடக்கவிலையில் கூலியும் சேர்ந்திருப்பதால் அதால் வகுத்தால் 30 நாள் என்று தப்பாக வரும்.

70 + 60 − 45 = 85 நாள். சரக்கில் போட்ட காசு திரும்பிக் கைக்கு வர இத்தனை நாள்.

அப்புறம் பாக்கி லெட்ஜரைப் பிரித்தேன். ஒரே வியாபாரியின் 30 லட்சம் இரண்டு மார்ச்சிலும் அப்படியே நின்றது. 70 நாளில் 15 நாள் அது மட்டுமே! நிற வித்தியாசம் என்று தொகையைக் குறைக்கச் சொல்லி அவர் போட்ட டெபிட் நோட்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. முதலாளியிடம் பேசி, நியாயமான பகுதியைக் கழித்துக்கொள்ள கிரெடிட் நோட் கொடுத்தோம். மீதிப் பணம் தவணையாக வந்தது, ஓ.டி.யும் இறங்கியது.

சீசன் ஏற்ற இறக்கம் இந்தச் சராசரியில் தெரியாது. அதற்கு மாதக் கடைசி பாக்கிகளை எடுக்கிறேன்.