தொலைவேலைக் கொள்கை வரைவு ஒப்புதல் பெறாததன் காரணம்

எங்கள் தொலைவேலைக் கொள்கை வரைவு தகவல் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒப்புதலின்றித் திரும்பிக்கொண்டே இருந்தது. தகுதியைப் பதவிவாரியாக அல்லாமல் பணிவாரியாக வரையறுத்தும், அனைவரும் இணைப்பில் இருக்க வேண்டிய பொது நேரத்தைக் குறைத்தும் பயனில்லை. பணியாளர் ஒருவர் கணினியில் உள்நுழைவது முதல் ஒவ்வொரு செயலையும் விதிகளோடு ஒப்பிட்டபோதுதான் காரணம் புலப்பட்டது: சொந்தக் கருவிகளை அலுவலகப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வரைவின் பாதுகாப்புப் பிரிவு கூறியது, ஆனால் உள்நுழைவுக்கான இரண்டாம் சரிபார்ப்புக் குறியீடு பணியாளரின் சொந்தக் கைபேசிச் செயலியில்தான் தோன்றும். விதியைப் பின்பற்றினால் யாரும் உள்நுழையவே முடியாது.

எனவே சொந்தக் கைபேசியில் குறியீட்டுச் செயலிக்கு மட்டும் அனுமதி, மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் தடை, கைபேசி தொலைந்தால் உடனே அறிவித்து அதன் பதிவை நீக்கச் செய்ய வேண்டும் என்று திருத்தினேன். சொந்தக் கைபேசியைப் பயன்படுத்த விரும்பாதவருக்கு நிறுவனமே சரிபார்ப்புச் சாவி என்னும் சிறு கருவியை வழங்கும் என்பதை வரைவின் கருவிகள் பிரிவில் சேர்த்தேன். இந்த வரைவு ஒப்புதல் பெற்றது, பெரும் நிம்மதி.