கிரியாட்டினின் 1.1: "நார்மல்தானே" என்று மடித்து வைக்கும் முன்

கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்ன லேப்பில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் 68 வயது அம்மா ஒருவர் ரத்தம் கொடுத்தார். எடை 42 கிலோ, கிரியாட்டினின் 1.1. ரிப்போர்ட்டை வாங்கிய மகன், "ஏனுங்க, 1.2 வரைக்கும் நார்மல்னு பக்கத்துலயே போட்டிருக்குதே, அப்புறமென்ன?" என்றார்.

தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை வற்றிய உடம்பில் அது குறைவாகத்தான் உண்டாகும், அப்படியிருந்தும் 1.1 நிற்கிறது என்றால் சிறுநீரகம் மெதுவாக வடிகட்டுகிறது என்று பொருள். அந்த வடிகட்டும் வேகத்தை, கிரியாட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் இஜிஎஃப்ஆர். 2021இல் வந்த சூத்திரப்படி, 1.1 உள்ள 30 வயது ஆணுக்கு அது 93. இந்த அம்மாவுக்கு 55.

55 என்றதும் மகன் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். 45 முதல் 59 வரை சிறுநீரக நோயில் ஜி3ஏ நிலை என்று எங்கோ படித்திருக்கிறார். ஒரே டெஸ்டை வைத்து நிலை சொல்லக் கூடாது. முந்தின நாள் என்ன சாப்பாடு என்று கேட்டேன். கல்யாண வீட்டில் மட்டன். சமைத்த கறியிலிருந்தே கொஞ்சம் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும். 1.1க்குப் பதில் 1.0 வந்திருந்தால் இஜிஎஃப்ஆர் 61, நிலையே மாறிவிடும்.

குறைபாடு 3 மாதமாவது நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். அதனால் 3 மாதம் கழித்து, கறி சாப்பிடாமல் வரச் சொன்னார் டாக்டர். அன்று சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று அறிய அல்புமின்–கிரியாட்டினின் விகிதமும் பார்த்தோம். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இஜிஎஃப்ஆர் 70 இருந்தாலும், அல்புமின் 3 மாதத்துக்கு மேல் கசிந்தால் அதுவும் நோய்தான். அம்மாவுக்கு மறுபடியும் 1.1; விகிதம் 80. 30ஐத் தாண்டிவிட்டதால் அல்புமின் கசிவில் ஏ2 நிலை. இப்போது ஜி3ஏ, ஏ2 என்று எழுதலாம்.

மூன்றாவது குழப்பம் கிரியாட்டினின் கிளியரன்ஸ், அதாவது எடையையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுவது. மாத்திரை அளவுக்குப் பல மருந்துகளில் கேட்பது இந்தப் பழைய கணக்கைத்தான்:

```
(140 − வயது) × எடை ÷ (72 × கிரியாட்டினின்)
பெண்களுக்கு × 0.85
```

அம்மாவுக்கு 140 − 68 = 72; மேலும் கீழும் 72 அடிபட்டுப்போகும். 42 ÷ 1.1 × 0.85, அதாவது 32. இதை எடுத்து நிலை அட்டவணையில் வைத்தால் ஜி3பி என்று தப்பாக வரும். நிலைக்கு இஜிஎஃப்ஆர்தான். அது சராசரி உடல் பரப்புக்குச் சரிக்கட்டிய எண். கிளியரன்ஸில் அவருடைய சொந்த எடை இருக்கிறது.

மாற்றி வைத்தாலும் ஆபத்து. அம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, ரத்தம் உறையாமலிருக்க ரிவரோக்ஸபன் வேண்டும். கிளியரன்ஸ் 50க்கு மேல் என்றால் நாளுக்கு 20 மில்லிகிராம். 50 அல்லது அதற்குக் கீழே 15. இஜிஎஃப்ஆர் 55ஐப் பார்த்து எழுதியிருந்தால் 20 போயிருக்கும். டாக்டர் எடையைக் கேட்டு, 32 என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, 15 எழுதினார்.